மாட்டுங்கா டூ சிஎஸ்எம்டி டேபிள் டிரில்

தம்பி, நாளைக்கு காலைல ஸ்லோ லோக்கல்ல ஏறுனதும் இத ஓபன் பண்ணு. ஸ்டேஷனுக்கு ஒரு கேள்வி, வண்டி அடுத்த ஸ்டேஷன்ல நிக்கறதுக்குள்ள வாய்விட்டு சொல்லிடணும், பக்கத்துல இருக்கறவங்க பாத்தா பாக்கட்டும். விடை கீழ இருக்கு, மஸ்ஜித் தாண்டாம ஸ்க்ரோல் பண்ணாத.

மாட்டுங்கா: திட்டக்குழு எப்ப வந்துச்சு, முதல் ஐந்தாண்டுத் திட்டம் எதுலேந்து எது வரை, நிதி ஆயோக் எந்த தேதி?

தாதர்: பேங்க் தேசியமயம் ரெண்டு தடவை, தேதியோட எத்தனை பேங்க்? கூட்டத்துல கைய அசைக்க முடியாது, மனசுலயே ஓட்டு. போன டெஸ்ட்ல 6ஐ தூக்கி 1969ல போட்டியே, அதான் இங்க வச்சேன்.

பரேல்: இந்தியாவோட மெயின்லாண்ட் அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டும், பாகை கலையோட. ரெண்டுமே கிட்டத்தட்ட 30 டிகிரிதான, அப்புறம் ஏன் வடக்கு தெற்கு தூரம் மட்டும் ஜாஸ்தி?

கரி ரோடு: 1 டிகிரிக்கு எத்தனை நிமிஷம்? இந்திய நேரம் எந்த தீர்க்கரேகை? மும்பைய 72¾°னு வச்சுக்கிட்டா நம்ம சூரியன் எவ்ளோ லேட்டு?

சிஞ்ச்போக்ளி: ஆனைமுடி, தொட்டபெட்டா உயரம், வித்தியாசமும் சேத்து.

பைகுல்லா: அடிவாரத்துல 30°C, 2000 மீட்டர் ஏறுனா?

சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு: நபார்டு, ஜிஎஸ்டி வந்த தேதி, கோதாவரி நீளம். வேணும்னேதான் கலந்து போட்டேன், வரிசையா இருந்தா நீ பாட்டு மாதிரி ஒப்பிச்சிடுவ.

மஸ்ஜித்: ஆர்பிஐ ஆரம்பம், தேசியமயம், தலைமை அலுவலகம் எங்கேந்து எங்க, எப்ப?

இனி விடை.

15 மார்ச் 1950, 1951–56, 1 ஜனவரி 2015.

19 ஜூலை 1969ல 14, 15 ஏப்ரல் 1980ல 6.

8°4' வ முதல் 37°6' வ, 68°7' கி முதல் 97°25' கி. வடக்கு தெற்கு 3214 கிமீ, கிழக்கு மேற்கு 2933, ஏன்னா தீர்க்கரேகைங்க துருவத்த நோக்கிப் போகப் போக நெருங்கிடும், அட்சரேகைங்க இடைவெளி மாறாது. இந்த காரணத்த சொல்லாம நம்பர மட்டும் சொன்னா அரை மார்க்குதான்.

4 நிமிஷம், 82½° கி. 9¾ × 4 = 39 நிமிஷம். பழைய பம்பாய் டைமும் இந்த 39 நிமிஷம் பின்னாடிதான் ஓடுச்சு, தாத்தா காலத்து கடிகாரக் கதையா ஞாபகம் வச்சுக்கோ.

2695, 2637, 58 மீட்டர்.

கிமீக்கு 6.5°C கொறையும், ரெண்டுக்கு 13, அப்போ 17°C.

12 ஜூலை 1982, 1 ஜூலை 2017, 1465 கிமீ.

1 ஏப்ரல் 1935, 1 ஜனவரி 1949, கல்கத்தாலேந்து பம்பாய் 1937ல. சிஎஸ்எம்டில எறங்கி கோட்டை பக்கம் நடக்கறப்போ அந்த உசந்த பில்டிங் கண்ணுல படும்ல, அங்க நின்னு மூணு தேதியும் இன்னொரு தடவ சொல்லு.

தப்பானத மட்டும் சாயங்காலம் திரும்பி வர்றப்போ மஸ்ஜித்லேந்து தலைகீழா ஓட்டு, நைட்டு சாப்பாட்டு நேரத்துல நான் கேப்பேன்.