மந்திரிக்க வேண்டாம்

டொரன்டோவில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஆனால் ஒடுகத்தூர்ப் பக்கம் பொழுது சாய்ந்திருக்கும். ஆயா மாடு கறந்துவிட்டு, போனைச் சொம்பில் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். சரியாக அப்போதுதான் டொரன்டோவில் பேத்தி மீராவுக்கு வயிறு வலிக்கும்.

ஆயாவின் தமிழ்ப் பாடத்தில் அரிச்சுவடியெல்லாம் கிடையாது. "நான் கத்திரிக்காய் விக்கறேன், நீ வாங்கு. கிலோ அறுபது."

"சரி."

"இன்னாடி சரி? சொத்தை இருக்குதான்னு கேளு! நாப்பதுக்குக் கேளு!"

இன்னொரு வாரம் மீதிச் சில்லறை தராத பஸ் கண்டக்டர், அதற்கடுத்த வாரம் வரப்பை வெட்டிய பங்காளி. ஆயாவின் பாடம் முழுக்கச் சண்டைதான். "இங்க யாரு காய்கறிக்குச் சண்டை போடறாங்க?" என்று மீரா ஒருநாள் கத்தினாள். அப்புறம் போனையே எடுப்பதில்லை.

பதினைந்து வயதில், ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் பாஸ்போர்ட் வேலையாகச் சென்னையில். விடியற்காலை ஆயா வயிற்று வலி என்று எழுந்தாள். கொஞ்ச நேரத்தில் இமைகள் தானாகக் கீழே இறங்கின, பேச்சு குழறியது. பாயைத் தூக்கினால் அடியில் பாம்பு. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டு. பக்கத்து வீட்டுப் பையன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டான், கட்டுவிரியன்.

மீரா 108-ஐ அழைத்தாள்.

"ரேஷன் கடை தாண்டி இடது கைப்பக்கம் மண் ரோடுண்ணா. மாரியம்மன் கோயில் வந்துட்டா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், திரும்பி வாங்க."

அதற்குள் எதிர்வீட்டுப் பெரியப்பா பைக்கைக் கிளப்பிவிட்டார். "கடிச்ச இடமே தெரியல, வீக்கமும் இல்ல. மந்திரிச்சு வேர் கட்டினா எறங்கிடும். தூக்கி உக்கார வை."

"வேணாம் பெரியப்பா."

"சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?"

மீராவுக்குக் குரல் எங்கிருந்து வந்ததோ. "கட்டுவிரியன் கடிச்சா வீங்காது. ஆயாவால கண்ணைத் தொறக்க முடியல, பாக்கறீங்க இல்ல? வழியில மூச்சு நின்னா நீங்க ஊதுவீங்களா? விஷமுறிவு ஊசி உங்க மந்திரிக்கிறவர்கிட்ட இருக்குதா? இல்லன்னா பைக்கை அந்தாண்ட தள்ளுங்க, வண்டி உள்ள வரணும்!"

தெருவே வேடிக்கை பார்த்தது. பைக் நகர்ந்தது.

ஆம்புலன்ஸில் கேள்வி மேல் கேள்வி. எப்போது படுத்தார்கள், வாந்தி எடுத்தார்களா, சர்க்கரைக்கு மாத்திரை உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நடுவில் ஒரு தடவை மட்டும் அழுதாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஆயாவுக்குச் செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். குழாயை எடுத்த மறுநாள் பெரியப்பா இளநீரோடு வந்து நின்றார்.

"உன் பேத்தி என்னைத் தெருவுல வச்சே கிழிச்சுட்டா சித்தி."

ஆயாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நீ இன்னாடா பதில் சொன்னே?"

"நான் இன்னாத்த சொல்றது? வண்டியை நகத்துனேன்."