அம்மன் கோயில் கூரைக்கு உங்கள் உதவி வேண்டும்

ஊர்ப் பெரியோர்களுக்கும், பெகு, ரங்கூன், மோல்மீன் என்று பிழைப்புக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன மழைக்காலம் முழுக்க நம் காளியம்மாள் தலைக்கு மேல் நெகிழித் தாள் கட்டித்தான் பூசை நடந்தது. ஆடி வெள்ளியன்று தீபாராதனை காட்டும்போது மேலேயிருந்து சொட்டிய தண்ணீரில் கற்பூரம் அணைந்துபோனதைப் பார்த்தவர்கள் பலர். மழை விட்டதும் ஆசாரியை ஏற்றிப் பார்த்தோம். தகரம் ஆணி அடித்த இடமெல்லாம் துருவேறி ஓட்டையாகியிருக்கிறது. அதைவிட மோசம் உத்திரம். அவர் கட்டைவிரலால் அழுத்தினார். மரம் புற்றுமண் மாதிரி உதிர்ந்தது. உள்ளே முழுக்கக் கரையான். ஒட்டுப்போட்டால் இன்னொரு மழைக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார். அதனால் கூரையையே மாற்ற முடிவு செய்தோம்.

இனி கணக்கு. பத்தடித் தகரம் 60, ஒன்று 40,000 கியாட் வீதம் 24 லட்சம். உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் 14 லட்சம். தேக்கு நமக்குக் கட்டுப்படியாகாது. கரையான் எளிதில் அரிக்காத பியின்கடோ மரம்தான் கேட்டிருக்கிறோம். ஆசாரிகள் நான்கு பேர், பத்து நாள், தலைக்கு நாளுக்கு 25,000, ஆகப் பத்து லட்சம். ஆணி, தண்ணீர்ப் பீலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 6 லட்சம். மொத்தம் 54 லட்சம். உண்டியலிலும் ஊர் வரியிலுமாக 17 லட்சத்து 50 ஆயிரம் கையில் இருக்கிறது. தேவைப்படுவது 36 லட்சத்து 50 ஆயிரம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பு சுற்றுச்சுவருக்கு வசூல் செய்தபோது கடைசிவரை கணக்கு காட்டவில்லை. பணம் வீணாகவில்லைதான். ஆனாலும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாதது எங்கள் தவறு, அதற்கு வருந்துகிறோம். இந்த முறை ஒவ்வொரு காசுக்கும் எண் போட்ட ரசீது உண்டு. பெட்டிக்கு மூன்று சாவி, மூன்று வீட்டில். அதில் ஒன்று குழுவில் இல்லாத ஒரு அக்காவிடம். கடை பில்லை வாங்கிய வாரமே கோயில் பலகையில் ஒட்டுவோம். விலை ஏறினால் ஊரைக் கூட்டிக் கேட்காமல் கூடுதலாகச் செலவழிக்க மாட்டோம். இந்தப் பணத்தில் அன்னதானமோ, மாலை மரியாதையோ கிடையாது. மிஞ்சினால் கருவறைத் தரைக்கு மட்டும். கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதுவோம், தொகையை எழுத மாட்டோம். ஆயிரம் கியாட் கொடுக்கிறவர் அந்தப் பலகை முன்னால் கூச்சப்படக் கூடாது.

பணம் முடியாதவர்கள் பழைய தகரம் இறக்கும் இரண்டு நாள் கைகொடுத்தால் போதும். நல்ல தகரம் நாலைந்து தேறினால் மடப்பள்ளிக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சித்திரை பிறப்பதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். வைகாசியில் மழை இறங்கிவிடும். மரத்துக்கு முன்பணம் மாசி முதல் வாரம் கட்டுகிறோம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் இருப்போம். வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கு வருகிற உறவுக்காரரிடம் கொடுத்தனுப்பினாலும் சரி, ரசீது உங்கள் பெயருக்கே வரும்.

இப்படிக்கு,
கூரைத் திருப்பணிக் குழுவினர்