தேங்காய்த் துருவி: 30 நொடி டெமோ வீடியோ ஸ்கிரிப்ட்

பொருள்: வேக்கம் பேஸ் தேங்காய்த் துருவி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேடு
இடம்: பொள்ளாச்சி, அண்ணா வீட்டுச் சமையலறை, கிரானைட் மேடை
கை: அம்மா
கேமரா: தம்பி
நீளம்: சரியா 30 நொடி, 16:9, 1920×1080

அண்ணா, ஷூட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே இதை ஒருக்கா படிச்சிடுங்க. போன வீடியோவில் டப்பாவைத் திறக்கவே 9 நொடி போயிடுச்சு. லிஸ்டிங்குக்கு வந்தவங்க துருவியைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க, டப்பாவைப் பார்க்க இல்லை. இந்தத் தடவை டப்பாவே வேணாம்.

இன்னொண்ணு. ரிட்டர்ன் வந்த பதினொரு துருவியில் எட்டுக்கு "நிக்க மாட்டேங்குது"ன்னுதான் காரணம் எழுதியிருந்தாங்க. போட்டோ அனுப்பினவங்க வீட்டில் எல்லாம் மர டேபிள், இல்லேன்னா சொரசொரப்பான கடப்பா கல். பொருள் மேல குத்தம் இல்லை, நாமதான் சொல்லாம விட்டுட்டோம். அதனால ஸ்கிரிப்டில் பாதி எடை அடிப்பாகத்து மேலதான் இருக்கு.

ஷாட் 1 (0–3 நொடி)

குளோசப். எவர்சில்வர் தட்டு, அதில் துருவல் விழுந்துக்கிட்டே இருக்கு. துருவி ஃபிரேமில் முழுசா தெரிய வேணாம், பிளேடோட கீழ் ஓரம் மட்டும் போதும்.

குரல்: இல்லை. சுத்துற சத்தம் மட்டும்.
திரையில்: பூப்போலத் துருவல்

தம்பி, தட்டுக்குப் பின்னாடி அடர் நிறத்தில் ஏதாவது வை. வெள்ளைச் சுவருக்கு முன்னாடி வெள்ளைத் துருவல் விழுந்தா ஒண்ணுமே தெரியாது. கேமரா தட்டு மட்டத்துக்கு இறங்கணும்.

ஷாட் 2 (3–10 நொடி)

வீடியோவே இதுதான். நாலு துண்டா எடுத்து ஒட்டுங்க.

அ) அம்மா கை, ஈரத்துணி, மேடையை ஒரே இழுப்பில் துடைக்கிறாங்க. ஈரம் மின்னுறது தெரியணும்.
ஆ) துருவி மேடையில் உட்காருது.
இ) மிகக் குளோசப்: ரப்பர் அடிப்பாகம், பக்கத்தில் லீவர். கட்டைவிரல் லீவரை அழுத்துது. "டக்". ரப்பர் ஓரம் கல்லோட படிஞ்சு இறுகுறது தெரியணும். இந்த ஒரு துண்டுக்கு எத்தனை டேக் போனாலும் பரவாயில்லை.
ஈ) அம்மா துருவியோட கழுத்தைப் பிடிச்சு மேல இழுக்கிறாங்க. வரலை.

குரல்: "மேடையை ஈரத்துணியால துடைச்சுட்டு வைங்க. லீவரை அழுத்துங்க. இழுத்துப் பாருங்க, அசையாது."
திரையில்: லீவர் அழுத்தினா கெட்டியா நிக்கும்

லீவரை அழுத்தும்போது ரப்பரோட நடுப்பாகம் மேல ஏறுது, உள்ளே காத்தழுத்தம் குறையுது, வெளிக்காத்து அதை அமுக்கிப் பிடிக்குது. நடுவுல ஒரு அரிசி நொய் இருந்தாலோ, டைல்ஸ் இணைப்புக் கோடு குறுக்கே போனாலோ அந்த வழியா காத்து நுழைஞ்சு பிடி விட்டுடும். அதான் துடைக்கிறதைக் கட்டாயம் காட்டச் சொல்றேன். "டக்" சத்தத்தைத் தனியா ரெக்கார்ட் பண்ணிக்கோ தம்பி. ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் இல்லாம பார்த்துக்கோ.

இழுக்கிற மாதிரி நடிக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. நிஜமாவே இழுக்கட்டும். மணிக்கட்டு நரம்பு புடைக்குதா இல்லையான்னு குளோசப்பில் தெரிஞ்சிடும்.

ஷாட் 3 (10–18 நொடி)

முதல்ல மீடியம்: இடது கையில் தேங்காய் மூடி, வலது கையில் கைப்பிடி, சுத்துறாங்க. பிறகு பக்கவாட்டில் குளோசப்: மூடிக்கு உள்ளே பிளேடோட பல் சுழல, விளிம்பிலிருந்து துருவல் சரிஞ்சு கொட்டுது.

குரல்: "ஒரு கையில மூடி, ஒரு கையில கைப்பிடி. லேசா அழுத்திச் சுத்தினா போதும்."
திரையில்: கை சிரட்டைக்கு வெளியே, பிளேடு உள்ளே

வீடியோவை வேகமா ஓட்டக்கூடாது. ஓட்டியே ஆகணும்னா மூலையில் "4 மடங்கு வேகம்"னு போட்டுடு. பத்து நொடியில் ஒரு மூடி முடியுற மாதிரி காட்டினா, வாங்கினவங்க முதல் நாளே ஏமாத்திட்டாங்கன்னு எழுதுவாங்க. "விரல் வெட்டவே வெட்டாது"ன்னும் போடாதீங்கண்ணா. பிளேடுன்னா பிளேடுதான்.

தேங்காய் முற்றினதா இருக்கட்டும். இளசு வழுக்கும், கொப்பரைப் பதம்னா தூள் தூளா பறக்கும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீங்க, கல்லு மாதிரி இருக்கும், சுத்தும்போது கை திணறுறது கேமராவில் தெரியும். ஆறு காய் வாங்கி வைங்க. நடுவில் சரியா ரெண்டா உடையுறது மூணாவது தேறும்.

ஷாட் 4 (18–22 நொடி)

மேலிருந்து குளோசப். பாதி துருவின மூடி: உள்ளே சிரட்டையை ஒட்டி பழுப்புத் தோல் லேசா தெரியுது. கட்: பக்கத்துக் கிண்ணத்தில் சுத்த வெள்ளைத் துருவல்.

குரல்: "பழுப்பு வர்றதுக்கு முன்னாடி நிறுத்திக்கலாம்."
திரையில்: சட்னி வெள்ளையா வரும்

நம்ம ஊர்க்காரங்க பார்த்ததும் புரிஞ்சுக்குற ஷாட் இது. விளக்கம் தேவையில்லை.

ஷாட் 5 (22–25 நொடி)

குழாயடி. பிளேடைத் திருகிக் கழட்டி, தண்ணியில் காட்டுறாங்க. ஒட்டியிருந்த துருவல் கழண்டு ஓடுது.

குரல்: "பிளேடைக் கழட்டிக் கழுவிக்கலாம்."
திரையில்: பிளேடு தனியா கழலும்

ஷாட் 6 (25–30 நொடி)

துருவி மேடையில் தனியா நிக்குது, பக்கத்தில் துருவல் நிறைஞ்ச கிண்ணம், ரெண்டு காலிச் சிரட்டை. கேமரா அசையக் கூடாது.

குரல்: "கிரானைட், கண்ணாடி, வழவழப்பான டைல்ஸ்ல நிக்கும். மரத்துல நிக்காது."
திரையில், இரண்டு வரி:
✓ கிரானைட், கண்ணாடி, வழவழப்பான டைல்ஸ்
✗ மரம், சொரசொரப்பான கல்

இந்த ✗ வரியை எடுத்துடலாமான்னு நீங்க கேப்பீங்கன்னு தெரியும். வேணாம்ணா. மர டேபிள் இருக்கிற நாலு பேர் வாங்காம போவாங்க, போகட்டும். அந்த நாலு பெட்டியும் கூரியர் காசோட திரும்பி வர்றதுக்கு இது மேல்.

எடிட்டிங்குக்கு

குரல் அம்மாவோடதே இருக்கட்டும். ஸ்டுடியோ குரல்னா விளம்பரம் மாதிரி ஆயிடும். ஷாட் 2-இல் மூச்சு விட்டு நிதானமா பேசட்டும், ஷாட் 6 கொஞ்சம் நெருக்கடியா இருக்கும், நாலு தடவை சொல்லிப் பார்த்துட்டு ரெக்கார்ட் பண்ணுங்க.

நிறைய பேர் சத்தத்தை அணைச்சுட்டுத்தான் பார்ப்பாங்க. அதனால எழுத்து பெரிசா, போனைக் கையில நீட்டிப் பிடிச்சாலும் படிக்கிற அளவுக்கு இருக்கணும். கீழ் ஓரத்தில் வைக்காதே தம்பி, அங்கே பிளேயர் பட்டன் வந்து மறைச்சிடும்.

விலை, ஆஃபர், போன் நம்பர், வாட்ஸ்அப் எதுவும் வீடியோவில் வேணாம். மார்க்கெட்பிளேஸில் அதுக்கே நிராகரிச்சிடுவாங்க, விலை மாறினா வீடியோவும் பழசாயிடும். பாட்டு எதுவும் போடாதே, துருவுற சத்தமே போதும்.

முகப்புப் படத்துக்கு ஷாட் 3-இல் துருவல் சரிஞ்சு கொட்டுற ஃபிரேம் ஒண்ணை எடு. கையில் வளையல் தெரியட்டும்.