அம்மாவின் மருத்துவக் கவனிப்பு குறித்து டாக்டருக்கு ஒரு கடிதம்

18.8.2024

பெருமதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுத்துவரும் சரோஜா அம்மாளின் மூத்த மகள் கவிதா எழுதுகிறேன். தம்பி முரளியும் தங்கை உமாவும் இந்தக் கடிதத்தைப் படித்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்குப் போனில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு வரியை நீக்கச் சொன்னார், ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்த வரி எது என்பது கீழே வரும்.

முதலில் ஒரு மன்னிப்பு. இம்மாதம் 4, 5 தேதிகளில் நாங்கள் மூவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உங்களை அழைத்து, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டோம். வெளியே நோயாளிகள் காத்திருக்க, நீங்கள் மூன்று முறையும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். அந்த மூன்று பதில்களையும் நாங்கள் மூன்று விதமாகப் புரிந்துகொண்டு எங்களுக்குள் வாக்குவாதம் செய்தது தனிக்கதை. இனி அப்படி நடக்காது. அம்மாவின் உடல்நிலை பற்றி உங்களிடம் பேசுவது நான் மட்டும். நான் கிடைக்காத அவசரத்தில் முரளி.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். போனில் அவசரமாகச் சொன்னதில் பாதி விட்டுப்போயிருக்கும்.

ஆகஸ்ட் 4 அன்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கேட்டதற்கு "ஒன்றுமில்லை, கால் மரத்துப்போயிருந்தது" என்றார். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கட்டிலின் மேல் பரப்பிக் காட்டும்படி அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணிடம் சொன்னேன். ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைக் காமிராவுக்கு அருகில் கொண்டுவந்தார். பச்சை அட்டையில் டெல்மிசார்டன் 40. அது நீங்கள் கொடுப்பது. வெள்ளியும் நீலமுமாக இன்னோர் அட்டை, அதிலும் டெல்மிசார்டன் 40, கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. ஜூலையில் இதயப் பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த நிபுணர் எழுதிக் கொடுத்தது. பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்று வாரம் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். அன்றே உங்களிடம் சொன்னோம், புதியதை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தியாகிவிட்டது. எழுந்தவுடன் வரும் தலைசுற்றல் நான்கைந்து நாளில் பெருமளவு குறைந்துவிட்டது.

அதே அழைப்பில் இன்னொன்றும் வெளியே வந்தது. சர்க்கரை பார்க்கும் கருவியின் பழைய அளவுகளை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டச் சொன்னேன். ஜூலை 26, காலை 5:10, 58. பதினெட்டு நிமிடம் கழித்து 94. அன்று விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, தானே எழுந்து போய்ச் சர்க்கரை கரைத்துக் குடித்திருக்கிறார். ஒன்பது நாள் எங்களிடம் மூச்சு விடவில்லை. உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இரவில் அவர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார்.

ஜூலை 30 ரத்தப் பரிசோதனையின் தாள்களை இணைத்திருக்கிறேன். கிரியாட்டினின் சென்ற ஆண்டு 1.0, இப்போது 1.4. சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 39 என்று போட்டிருக்கிறார்கள். பொட்டாசியம் 5.1. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.4. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து நாங்கள் குடும்பமாக மகிழ்ந்தோம் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். "சபாஷ் அம்மா" என்று உமா எழுதினாள். 58 வரை இறங்கியதும் அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தற்போது அவர் எடுப்பவை இவை: காலையில் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், டெல்மிசார்டன் 40 காலையில், அட்டோர்வாஸ்டாட்டின் 10 இரவில். இவை உங்கள் சீட்டில் இருப்பவை. சீட்டில் இல்லாதது ஒன்று உண்டு. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், வாரத்தில் மூன்று நான்கு நாள், ஏறத்தாழ ஏப்ரல் முதல். "அது வலி மாத்திரைதானே, மருந்தா என்ன?" என்பது அம்மாவின் வாதம். நாங்கள் கேட்டுக்கொண்டதால் இரண்டு வாரமாக எடுக்கவில்லை. வலி இருக்கிறது, படி இறங்கும்போது அதிகம் என்கிறார்.

இனி எங்கள் கேள்விகள். மருந்து உங்கள் துறை, நாங்கள் யாரும் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. இணையத்தில் படித்ததை உங்களிடம் ஒப்பிக்க விரும்பவில்லை. ஆனால் கேட்காமல் இருந்தால் தூக்கம் வராது. 74 வயதில், தனியாகத் தூங்குபவருக்கு, சிறுநீரகம் இந்த நிலையில் இருக்கும்போது கிளிமிபிரைடு இன்னும் தேவைதானா? சர்க்கரை சற்று ஏறினாலும் பரவாயில்லை, இறங்கக் கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தால் எங்களுக்கு முழுச் சம்மதம். எந்த எண் வரை அவருக்குப் போதும் என்று ஒரு வரி எழுதினால், நாங்களும் தேவையில்லாமல் அவரை விரட்ட மாட்டோம். மெட்ஃபார்மின் அளவை அப்படியே வைக்கலாமா? பல ஆண்டுகளாக அதை எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம் என்பதால், பாதம் மரத்துப்போவதற்கு அதையும் ஒருமுறை பார்க்க வேண்டுமா? டைக்ளோஃபெனாக்குக்குப் பதிலாக முழங்காலுக்கு என்ன கொடுக்கலாம்? கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி எப்போது எடுக்க வேண்டும்? தேதி சொன்னால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்க நாங்கள் ஏற்பாடு செய்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒன்று கேட்கிறோம். எந்த நிபுணரிடம் போனாலும், அங்கே எழுதும் மருந்து உங்கள் கண்ணில் பட்ட பிறகே அம்மாவின் டப்பாவுக்குள் போக வேண்டும். இதயத்துக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர் என்று அவர் போகத்தான் போகிறார். மொத்தப் பட்டியலும் ஒரே ஒருவர் கையில் இருக்க வேண்டும், அது நீங்களாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். இந்தப் பொறுப்பு கூடுதல் வேலை என்று தெரியும். அதற்கான நேரத்துக்கும் போனில் ஒதுக்கும் நேரத்துக்கும் நேரில் பார்ப்பதற்கு உரிய கட்டணத்தையே பெற்றுக்கொள்ள வேண்டும். இதில் தயவுசெய்து கூச்சப்பட வேண்டாம், எங்களுக்கும் அப்போதுதான் தயங்காமல் அழைக்க முடியும்.

உங்கள் வேலையைக் குறைக்க எங்கள் தரப்பில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். அம்மா இனி ஒரு நீல அட்டை போட்ட நோட்டுடன் வருவார். இடப்பக்கம் அந்த மாதம் அவர் எடுக்கும் மருந்துகள், கடைப் பெயர் இல்லாமல் மூலப்பெயரும் அளவும் மட்டும். வலப்பக்கம் காலியாக இருக்கும். அதில் நீங்கள் மூன்றை மட்டும் எழுதினால் போதும்: சேர்த்தது, நிறுத்தியது, மாற்றியது. காரணம் இரண்டு சொல்லில் இருந்தால் இன்னும் நல்லது. கவனித்துக்கொள்ளும் பெண் அன்று மாலையே அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை வீடியோவில் பார்த்து நிரப்பச் சொல்வேன். பழைய அட்டைகள் வீட்டில் தங்காது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை வாரம் மூன்று நாள், ரத்த அழுத்தம் இரண்டு நாள், உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்ற பின் ஒரு முறை. இவற்றைத் தொகுத்து ஞாயிறுதோறும் ஒரே செய்தியாக அனுப்புகிறேன். பதில் எதிர்பார்க்க மாட்டோம். சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ, மேல் அழுத்தம் நிற்கும்போது 100-க்குக் கீழே இறங்கினாலோ மட்டும் உங்களைப் போனில் அழைப்போம். இந்த எல்லைகள் நாங்களாக வைத்தவை, தவறென்றால் திருத்திச் சொல்லுங்கள்.

அவசரம் வந்தால் என்ன செய்வது என்பதில் குழப்பமே வேண்டாம். மயக்கம், நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், கீழே விழுதல், இவற்றில் எது நடந்தாலும் முதலில் ஆம்புலன்ஸ், பிறகு வீட்டுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டார், அதன் பிறகு நாங்கள். எங்கள் அனுமதிக்காக யாரும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். இங்கே நடுநிசியாக இருக்கும், போனை நான் எடுக்காமலும் போகலாம். மருத்துவமனையில் முன்பணம் கட்டுவதற்குப் பக்கத்து வீட்டாரிடம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்.

மாதம் ஒரு முறை, முதல் சனிக்கிழமை காலை 7 மணிக்கு, கிளினிக் தொடங்குமுன் பத்து நிமிடம் உங்களிடம் பேச முடியுமா? எனக்கு அது முந்தைய நாள் இரவு 9:30. நவம்பரில் இங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அப்போது 8:30 ஆகிவிடும், உங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. வேறு நேரம் வசதி என்றால் அதையே சொல்லுங்கள், என் வேலையை நான் மாற்றிக்கொள்கிறேன். டிசம்பர் கடைசி இரண்டு வாரம் நான் அங்கே இருப்பேன். பெரிய மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அம்மா எதை விரும்புகிறார், எதை விரும்பவில்லை என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ள அப்போது ஒரு மணி நேரம் தாருங்கள். போனில் பேசக்கூடிய பேச்சு அல்ல அது.

அம்மா சேர்க்கச் சொன்ன வரி: "எனக்கு என்ன இருந்தாலும் டாக்டர் முதலில் என்னிடம் சொல்லட்டும், பிறகு பிள்ளைகளிடம் சொல்லட்டும்." அவர் சொல்வது சரி. அந்த வரிசையை நாங்களும் காப்பாற்றுகிறோம். எங்களிடம் பேச அவர் உங்களுக்குத் தரும் அனுமதியைக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
கவிதா
(முரளி, உமா ஆகியோருக்காகவும்)

இணைப்பு: ஜூலை 30 பரிசோதனை அறிக்கை, இதய நிபுணரின் சீட்டு, தற்போதைய மருந்துப் பட்டியல், அம்மாவின் அனுமதிக் கடிதம், எங்கள் மூவர் மற்றும் பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண்கள்.

பி.கு.: அம்மாவுக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை, அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டார். நீங்கள் சொல்வதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே தலையாட்டினால் ஒன்றும் காதில் விழவில்லை என்று பொருள். வலது காது உங்கள் பக்கம் இருக்குமாறு உட்கார வைத்து, மருந்து எடுக்கும் முறையை ஒரு முறை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.