தடுப்பூசி இருப்பு மற்றும் குளிர்சாதன வெப்பநிலைப் பதிவேடு: 2025 மார்ச் 3 முதல் 9 வரை

எண்கள் எல்லாம் குப்பிக் கணக்கு, டோஸ் கணக்கு அல்ல. திறந்த குப்பியைத் தனியாக எழுதியிருக்கிறேன். வெப்பநிலை செல்சியஸில், காலை 8 மணி, மாலை 5 மணி. இருக்க வேண்டியது +2 முதல் +8 வரை. படித்த எண்ணைத்தான் எழுத வேண்டும், "நார்மல்" என்று எழுத வேண்டாம்.

மார்ச் 3, திங்கள். காலை 4.1, மாலை 5.0

ஆரம்ப இருப்பு, கையால் எண்ணியது: ஓ.பி.வி (20 டோஸ்) 14, பி.சி.ஜி (20 டோஸ்) 9, கரைப்பானும் 9. எம்.ஆர் (10 டோஸ்) 16, கரைப்பான் 15. பெண்டா (10 டோஸ்) 22, ஐ.பி.வி (5 டோஸ்) 18, டி.டி (10 டோஸ்) 12, ஹெபடைடிஸ் பி (10 டோஸ்) 6.

எம்.ஆர் கரைப்பான் ஒன்று குறைவது போன மாதம் உடைந்த ஆம்பூல். மருந்து 16 இருந்தாலும் கரைப்பான் 15 என்றால் போடக்கூடியது 15தான், வேறு கம்பெனி கரைப்பானை ஊற்றி ஒப்பேற்ற முடியாது. நாளை சரக்கோடு ஒன்று கூடுதலாகக் கேட்டாயிற்று.

மார்ச் 4, செவ்வாய். காலை 4.3, மாலை 5.6

வரவு: எம்.ஆர் 10, கரைப்பான் 11, பெண்டா 19. சலானில் பெண்டா 20 என்று இருக்கிறது. இரண்டு தடவை எண்ணினோம், சிஸ்டர் ஒரு தடவை, நான் ஒரு தடவை, 19தான். கொண்டு வந்தவர் "ஒண்ணுதானே, 20ன்னு போட்டுக்கோங்க" என்றார். போடவில்லை. சலானிலேயே 19 என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று.

வி.வி.எம் எல்லாக் குப்பியிலும் உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாகவே இருக்கிறது. பெட்டிக்குள் வந்த உறைநிலைக் காட்டியிலும் எச்சரிக்கை இல்லை.

இருப்பு: எம்.ஆர் 26, கரைப்பான் 26, பெண்டா 41 (பழைய பேட்ச் 22, புதியது 19).

புதிய பெண்டா கூடைக்குள் அடங்கவில்லை. கூடைக்குக் கீழே வைத்திருக்கிறேன், நாளை மாற்ற வேண்டும்.

மார்ச் 5, புதன். காலை 4.0, மாலை 5.8. நிலைய முகாம்

ஓ.பி.வி 2 திறந்து 31 டோஸ் போட்டோம், 9 டோஸ் மீதி. பெண்டா 3 திறந்து 26 டோஸ், மீதி 4. ஐ.பி.வி 4 திறந்து 18 டோஸ், மீதி 2. டி.டி 1 திறந்து 7 டோஸ், மீதி 3. இந்த நான்கின் மீதிக் குப்பிகளிலும் திறந்த தேதி எழுதி உள்ளே வைத்தாயிற்று. வி.வி.எம் சரியாக இருந்தால் 28 நாள், அதாவது ஏப்ரல் 2 வரை.

பி.சி.ஜி 1 திறந்து 7 குழந்தை, 13 டோஸ் வீண். எம்.ஆர் 2 திறந்து 14 டோஸ், 6 வீண். கரைத்தது காலை 9.40, இரண்டையும் மதியம் முகாம் முடிந்ததும் கழித்தாயிற்று. (கரைத்த மருந்துக்கு 6 மணி நேரம் அல்லது முகாம் முடிவு, எது முதலோ அது.) 7 குழந்தைக்கு ஒரு குப்பியா என்று மேலே கேட்பார்கள். வந்த குழந்தையைத் திருப்பி அனுப்புவதைவிட 13 டோஸ் போவது மேல்.

பெண்டா மாற்றி வைக்க நேரமில்லை.

மார்ச் 6, வியாழன். காலை 4.4, மாலை 6.8. வெளி முகாம்

கேரியரில் நான்கு ஐஸ் பேக், குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் வரும்வரை வெளியே வைத்த பிறகுதான் அடுக்கினோம். திறந்த குப்பிகளை முதலில் தீர்த்தோம். பெண்டா பழைய 4 டோஸ், புதிதாக 1 திறந்து அதில் 9, மீதி 1 டோஸ் (ஏப்ரல் 3 வரை). ஐ.பி.வி பழைய 2, புதிதாக 1 திறந்து 5, மீதி இல்லை. ஓ.பி.வி பழைய 9, புதிதாக 1 திறந்து 4, மீதி 16 டோஸ். டி.டி 2 டோஸ், மீதி 1. எம்.ஆர் 1 திறந்து 5, வீண் 5.

மின்தடை மதியம் 2.20 முதல் 5.50 வரை. பிரிட்ஜைத் திறக்கவில்லை. 6.8 என்பது எல்லைக்குள்தான், ஒன்றும் செய்யத் தேவையில்லை.

மார்ச் 7, வெள்ளி. காலை மைனஸ் 1.4, மாலை 2.9

ரெக்கார்டரில் எச்சரிக்கைக் குறி. மிகக் குறைந்தது மைனஸ் 1.9. மைனஸ் 0.5-க்குக் கீழே 4 மணி 40 நிமிடம். நேற்று 6.8-ஐப் பார்த்துப் பயந்து, கரண்ட் வந்ததும் யாரோ குமிழை 5-க்குத் திருகியிருக்கிறார்கள். யார் என்று தேடவில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். குமிழை 2-க்குக் கொண்டுவந்து அதன் மேல் டேப் ஒட்டியாயிற்று. 10.30-க்கு 2.1.

அதுவரை உறையக் கூடாதவை எல்லாம் குளிர்ந்த தண்ணீர் பேக் போட்ட கேரியரில் இருந்தன, ஐஸ் பேக் போடவில்லை. இப்போது "பயன்படுத்தாதே" என்று எழுதித் தனிப் பையில்: பெண்டா 37 + திறந்தது 1, ஐ.பி.வி 13, டி.டி 11 + திறந்தது 1, ஹெபடைடிஸ் பி 6. ஓ.பி.வி, பி.சி.ஜி, எம்.ஆர் உறைந்தாலும் கெடாது, அவை அப்படியே. ஆனால் பி.சி.ஜி கரைப்பான் 2 ஆம்பூல் உள்ளே குளிர வைத்திருந்தேன், கரைப்பான் உறையக் கூடாது. விரிசல் இல்லை, இருந்தாலும் கழித்தாயிற்று.

புதன், வியாழன் முகாமில் போட்ட மருந்து பற்றி மருத்துவ அலுவலர் கேட்டார். ரெக்கார்டரில் திங்கள் முதல் வியாழன் மாலை வரை குறைந்தபட்சம் 3.1. அந்தக் குழந்தைகளுக்குப் போட்டதில் சந்தேகம் இல்லை.

ஒவ்வொரு பேட்சிலும் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைக்க ஐஸ் பேக் பிரீசரில் போட்டிருக்கிறேன், நாளை குலுக்கிப் பார்க்க.

மார்ச் 8, சனி. காலை 3.8, மாலை 4.2

குலுக்கல் சோதனை, சிஸ்டரும் நானும் பார்த்தது. உறைய வைத்து உருக்கிய குப்பியையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்தோம். பழைய பெண்டாவில் உறைந்த குப்பி அடியில் திப்பியாகப் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது, பக்கத்துக் குப்பி அரை மணி ஆகியும் பால் போலக் கலங்கியே நின்றது. டி.டி, ஹெபடைடிஸ் பி-யும் அப்படியே. தேறின.

புதிய பெண்டா தேறவில்லை. இரண்டு குப்பியும் ஒரே வேகத்தில் படிந்தன. இந்த வகைப் பிரிட்ஜில் அடிப்பகுதிதான் அதிகக் குளிர், அங்கே வைத்தது நான், இரண்டு நாள் மாற்றாமல் விட்டதும் நான். 19 குப்பி, 190 டோஸ்.

ஐ.பி.வி-க்கு இந்தச் சோதனை செல்லாது, அதில் படிய அலுமினியம் கிடையாது. முடிவு மேலிருந்து வர வேண்டும்.

கழிவு: பெண்டா புதியது 19, பழையது 1 (உறைய வைத்தது), திறந்தது 1. டி.டி 1 + திறந்தது 1. ஹெபடைடிஸ் பி 1.

மார்ச் 9, ஞாயிறு. காலை 4.0, மாலை 4.4

பணியில் இருந்த செவிலியர் நேரில் பார்த்து எழுதியது. (பழைய பக்கங்களில் ஞாயிறு எல்லாம் ஒரே பேனாவில் 4, 4, 4 என்று இருக்கும்.)

| மருந்து | வார இறுதி இருப்பு |
|---|---|
| ஓ.பி.வி | 11 + திறந்தது 1 |
| பி.சி.ஜி / கரைப்பான் | 8 / 6 |
| எம்.ஆர் / கரைப்பான் | 23 / 23 |
| பெண்டா | 17 |
| ஐ.பி.வி | 13, நிறுத்திவைப்பு |
| டி.டி | 10 |
| ஹெபடைடிஸ் பி | 5 |

தேவை: பெண்டா 20, பி.சி.ஜி கரைப்பான் 2, ஐ.பி.வி 10 (புதன் முகாமுக்குள்), ஆழமான கூடை 1.