மருந்துச் சீட்டும் விடுப்புச் சான்றும் கேட்ட கடிதத்துக்குப் பதில்

நாகர்கோவில்,
20.06.2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மாலை தம்பியிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. அசித்ரோமைசின் 500 மாத்திரைக்குச் சீட்டும், 09.06.2025 முதல் இன்றுவரை உடல்நலமின்றி என் சிகிச்சையில் இருந்ததாகச் சான்றிதழும் கேட்டிருந்தீர்கள். மாத்திரை மெடிக்கலில் சீட்டில்லாமலே கிடைக்கும் என்றாலும் என்னைக் கேட்காமல் வாங்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன். அந்த நம்பிக்கைக்கு நன்றி. அதை மனத்தில் வைத்துத்தான், தம்பியிடம் ஒரு வார்த்தையில் "முடியாது" என்று சொல்லி அனுப்பாமல், இரண்டையும் நான் ஏன் தர இயலவில்லை என்பதை விரிவாக எழுதுகிறேன்.

புதன்கிழமை நீங்கள் வந்தபோது நான் எழுதிவைத்த குறிப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. இருமல் தொடங்கி மூன்று நாள், காய்ச்சல் 100.2, ஆக்சிஜன் அளவு 98, தொண்டை சிவந்திருக்கிறது, சீழ் இல்லை, கழுத்தில் நெறி கட்டவில்லை. முதுகில் குழல் வைத்து இரு புறமும் மேலிருந்து கீழ்வரை கேட்டேன். நுரையீரலில் சளி கட்டியதற்கான ஓசை எங்கும் இல்லை. இது வைரஸால் வரும் சளிக்காய்ச்சல். மழை தொடங்கிய நாளிலிருந்து இதே தொல்லையோடு தினமும் பலர் வருகிறார்கள். நீங்கள் கேட்ட அசித்ரோமைசின் ஓர் ஆன்டிபயாட்டிக், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. எனவே அதைச் சாப்பிட்டாலும் உங்கள் இருமல் ஒரு நாள்கூட முன்னதாக நிற்கப்போவதில்லை.

சளி மஞ்சளாகிவிட்டது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளை அணுக்கள் சளியில் சேரும்போது அவற்றில் உள்ள ஒரு பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது. வைரஸ் சளியிலும் அது நிகழும். போன வருடம் இதே மாத்திரையை எடுத்து மூன்றாம் நாளே சரியானதையும் நினைவூட்டியிருந்தீர்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலில் நான்காம், ஐந்தாம் நாளில் உடம்பு தானாகவே தேறத் தொடங்கிவிடும். பொறுத்துப் பார்த்து இரண்டாம், மூன்றாம் நாளில்தான் நாம் மாத்திரையைத் தொடங்குகிறோம் என்பதால், அந்தப் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. ஆனால் இருமல் மட்டும் இரண்டரை, மூன்று வாரம்வரை இழுக்கலாம். அதை முன்பே சொல்லாமல் விட்டது என் தவறு. சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு பதறியிருக்க மாட்டீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. டைபாய்டுக்கு ஒரு காலத்தில் கைகொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இப்போது நம் நாட்டில் பெரும்பாலும் பலிப்பதில்லை. வாய்வழியாகக் கொடுக்க எங்களிடம் மிஞ்சியிருக்கும் சில மருந்துகளில் அசித்ரோமைசினும் ஒன்று. கவனத்தோடு பயன்படுத்த வேண்டிய மருந்துகளின் பிரிவில் உலக சுகாதார நிறுவனம் அதை வைத்திருக்கிறது. மூன்று நாளில் மாத்திரை தீர்ந்தாலும் அதன் மிச்சம் பல நாள் உடம்பில் தங்கியிருக்கும். அந்த நாள்களில் வயிற்றில் உள்ள கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். பழகிய கிருமி உங்களோடு நிற்காது, ஒரே வீட்டில் புழங்கும் அம்மாவுக்கும் பேரக்குழந்தைக்கும் போகும். அம்மாவுக்கு 2019இல் நிமோனியா வந்தபோது, மூச்சு வாங்குவதைப் பார்த்த அடுத்த நிமிடமே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டேன், யாரும் கேட்கக் காத்திருக்கவில்லை. அன்று அது வேலை செய்தது. இனி ஒருமுறை தேவைப்பட்டாலும் வேலை செய்ய வேண்டும் என்பதே என் கவலை.

புதன்கிழமை உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டையில் மூன்று மாத்திரை மீதி இருந்தது, காலாவதித் தேதி இருந்த ஓரம் கிழிந்திருந்தது. தயவுசெய்து அதை நீங்களும் எடுக்க வேண்டாம், வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து தாருங்கள்.

இனிச் சான்றிதழ். வீட்டுக்குக் கான்கிரீட் போடும் வேலைக்காக 9ஆம் தேதி முதல் 13 வரை டெப்போவுக்குப் போகவில்லை என்று நீங்களே மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆள் கிடைத்த நாளில், மழை விட்ட நேரத்தில் வேலையை முடித்தாக வேண்டிய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் பார்க்காத நாள்களுக்கு, இல்லாத நோயை எழுதிக் கையெழுத்துப் போட என்னால் இயலாது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கொடுக்கும் ஒவ்வொரு சான்றையும் உங்கள் அங்க அடையாளம், கையொப்பத்தோடு பதிவேட்டில் ஏற்றி நகல் வைத்திருக்க வேண்டும். பொய்ச் சான்று கொடுத்தால் என் பதிவே போகலாம். அதைவிட, நிர்வாகம் உங்களை மருத்துவக் குழுவுக்கு அனுப்பி விசாரித்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். கால் முறிந்து நீங்கள் படுத்திருந்தபோது என் சான்றை டெப்போவில் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் அல்லவா? நாளை உண்மையாகவே படுக்க நேர்ந்தால் அந்தக் கையெழுத்து அதே மதிப்போடு உங்களுக்கு வேண்டும்.

அந்த ஐந்து நாளுக்கு ஈட்டிய விடுப்பு மீதம் இருந்தால், காரணத்தை உள்ளபடி எழுதி மேலாளரிடம் விண்ணப்பிப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. புதன்கிழமை முதல் நிலைமை வேறு. அன்று உங்களுக்குக் காய்ச்சல் இருந்தது; கூட்டம் நெருக்கும் திருவனந்தபுரம் வண்டியில் நின்றுகொண்டே இருமியபடி டிக்கெட் கொடுக்கும் நிலையில் நீங்கள் இல்லை. எனவே 18 முதல் 20 வரை மூன்று நாளுக்குச் சான்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் உங்கள் கையொப்பம் வேண்டும் என்பதால் நாளை காலை ஒருமுறை வாருங்கள். காய்ச்சல் விட்டிருந்தால் பணிக்குத் திரும்பலாம் என்ற தகுதிச் சான்றையும் அப்போதே தருகிறேன்; விடாமல் இருந்தால் விடுப்பை நானே நீட்டி எழுதுவேன்.

அதுவரை, காய்ச்சலோ உடம்புவலியோ இருந்தால் பாராசிட்டமால் 500 ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில். வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையில் கொப்பளியுங்கள். வீட்டில் போடும் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் சேர்த்த காப்பி தொண்டைக்கு இதமாக இருக்கும், தாராளமாகக் குடிக்கலாம். உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை என்பதால் படுக்கும் முன் ஒரு கரண்டி மார்த்தாண்டம் தேன் எடுத்தால் இரவு இருமல் தணியும். ஒரு வயது நிறையாத பேரக்குழந்தைக்கு மட்டும் தேனை நாக்கில் தொட்டும் வைக்க வேண்டாம். அந்த வயதில் அது ஆபத்து.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினாலோ நேரம் பார்க்காமல் எனக்குப் போன் செய்யுங்கள். நான் எடுக்காவிட்டால் நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்படி நிலைமை மாறினால் ஆன்டிபயாட்டிக் தர நான் தயங்க மாட்டேன். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துவிடுவோம். காசநோய் இல்லை என்று உறுதி செய்வதற்காக எல்லோருக்கும் செய்வதுதான், அரசு மருத்துவமனையில் செலவில்லை.

நாளை காலை ஒன்பது மணிக்கு வந்தால் கூட்டம் இருக்காது. அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீரும் நாளாகிவிட்டது, அவர்களுடைய நோட்டையும் கையோடு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் குடும்ப மருத்துவர்

இணைப்பு: 18.06.2025 முதல் 20.06.2025 வரை மருத்துவச் சான்று ஒன்று.