முதலாளி மசியல

ஊரில் விளையும் நிலக்கடலையில் பாதி அண்ணாச்சி கடைக்குத்தான் வரும். பலசரக்குக் கடன் வாங்கியவர்கள் அறுப்பு முடிந்ததும் மூட்டையாகக் கொண்டு வந்து கணக்கை நேர் செய்வார்கள். அதைச் சேர்த்து மில்லுக்கு ஏற்றுவது அண்ணாச்சியின் இரண்டாவது தொழில். கடையைவிட அதில்தான் தலைவலி அதிகம்.

மில் முதலாளியை யாரும் பார்த்ததில்லை. கோயம்புத்தூர்க்காரர், கறார் பேர்வழி என்று மேனேஜர் சொல்லித்தான் தெரியும். லாரி போய் நின்றதும் மேனேஜர் ஒரு பிடி கடலையை உடைத்து, பருப்பை நிறுத்து, ஈரம் பார்ப்பார். முகம் சுருங்கும். போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போவார்.

"ஐயா, பாவம்யா, நம்ம ஆளு... இந்த ஒரு வாட்டி பாத்துப் போடுங்க..."

எடைமேடை வரைக்கும் கேட்கும். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்குவார்.

"முதலாளி மசியல அண்ணாச்சி. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கச் சொல்றாரு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

தனக்காக இவ்வளவு பேசுகிறாரே என்று தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டின் நல்லெண்ணெய் மேனேஜர் வீட்டுக்குப் போகும். எண்ணெய் மில்காரருக்கு எண்ணெய் கொடுத்த ஒரே ஆள் அண்ணாச்சியாகத்தான் இருக்கும்.

கடையை விரிக்க பேங்கில் கடன் கேட்டபோது, மில்லை ஒட்டியிருந்த தன் காலி மனைக்கு வில்லங்கச் சான்று வாங்கச் சொன்னார்கள். பத்திரப்பதிவு ஆபீசில் ரெக்கார்டு பார்க்கும் அம்மா எட்டுப் பக்கத்தை நீட்டினார்.

"உட்பிரிவு போடாம வெறும் சர்வே நம்பர் எழுதிக் குடுத்திருக்கீங்க. பக்கத்து இடத்து வில்லங்கமும் சேந்து வந்துருச்சு. உங்களுது ரெண்டே பதிவுதான். மிச்சமெல்லாம் மில் இடம்."

"அது கோயம்புத்தூர்க்காரர் இடம்மா."

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கோயம்புத்தூரா? 2014-ல கிரயம். வாங்குனது ஒரு பொம்பளை. இங்க பாருங்க."

அண்ணாச்சி அந்தப் பெயரைப் படித்தார். மேனேஜர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் பார்த்த பெயர். மொய் எழுதியது உட்பட ஞாபகம் வந்தது.

"அப்ப மில்லும் அவங்களுதா?"

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. இடம் ஒருத்தரது, தொழில் ஒருத்தரதுன்னு இருக்கலாம். வாடகைக்கு விட்டிருக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "போர்டுல அன்ட் கோன்னு போட்டிருக்கா? அப்ப கூட்டு வியாபாரமா இருக்கலாம். பதிவு பண்ணியிருந்தா மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல கூட்டாளிங்க பேரு இருக்கும். இதே கட்டடம், மாடி. மனு எழுதி, பீஸ் கட்டுனா காட்டுவாங்க."

"நான் போய்க் கேட்டா தருவாங்களா?"

"யாரு கேட்டாலும் காட்டணும். அதுக்குத்தான் பதிவேடு. யாரும் கேக்குறதில்ல, அவ்வளவுதான்."

மாடியில் காத்திருந்தது மதியம் வரைக்கும். கூட்டாளிகள் இரண்டு பேர். மேனேஜர் ஒருவர், அவர் மனைவி இன்னொருவர். கோயம்புத்தூர் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

அடுத்த லோடு அந்த வாரமே போனது. கடலை உடைந்தது, முகம் சுருங்கியது, வேப்பமரத்தடியில் "ஐயா, பாவம்யா" கேட்டது.

"மசியல அண்ணாச்சி. ரெண்டு கிலோதான்."

"சரி. நானும் என் முதலாளியை ஒரு வார்த்தை கேட்டுர்றேன்."

"உங்களுக்கு ஏது முதலாளி?"

அண்ணாச்சி போனோடு அதே மரத்தடிக்குப் போனார். "ஐயா, மேனேஜர் நல்ல மனுசன்யா... அவருக்காகவாவது..." மறுமுனையில் அண்ணாச்சியின் மனைவி, "யாரைப்போய் ஐயாங்கறீங்க? குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார். "மசியல. சாக்கு எடைக்கு மேல ஒரு கிராம் கழிச்சாலும் லாரியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குத் திருப்பச் சொல்றாரு."

மேனேஜர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். "இருங்க, முதலாளிகிட்ட இன்னொரு தடவை..." போனை எடுத்தார்.

"வெயில்ல எதுக்கு அலையுறீங்க? நான் உங்க வீட்டுக்கே போயி அக்காகிட்ட நேர்ல கேட்டுட்டு வந்துர்றேன். கையெழுத்துப் போட்டவங்க ரெண்டு பேருல அவங்களும் ஒருத்தர்தானே?"

எடைபோடும் பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மேனேஜர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னடா வேடிக்கை? சாக்கு எடை மட்டும் கழிச்சு எழுது."

"போன லோடு கணக்கையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு.